தனித்தனியாக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கக் கூடாது

போன மாதம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு நண்பன் ஒருவன் கூப்பிட்டான். அவன் அப்பா இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் அழைப்பு வந்ததும் அழப்போகிறான் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவன் கேட்டது வேறு. "டேய், உங்க அக்கா இறந்தப்ப எல்லாருக்கும் சேர்த்து ஒரு மெசேஜ் போட்டியே, அதை எனக்கு அனுப்பு. பேரை மட்டும் மாத்திக்கறேன். இருநூறு பேருக்கு மேல எழுதியிருக்காங்கடா. ஒருத்தருக்குக்கூட பதில் போடல. ஃபோனைத் திருப்பி வைச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ரெண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தச் செய்தியைத் தேடி எடுத்தேன். அப்படியே அவனுக்குத் தள்ளிவிட்டிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் கடைசி வரியைப் படித்ததும் கை நின்றுவிட்டது. இதுதான் அது:

"எங்கள் அக்காவின் மறைவுக்கு ஆறுதல் தெரிவித்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. இந்தத் துயரமான நேரத்தில் உங்கள் அன்பும் ஆதரவும் எங்களுக்குப் பெரும் பலமாக இருந்தன. விரைவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன்."

பார்க்க ஒன்றும் குறையில்லை. மரியாதையாக இருக்கிறது, தப்பும் இல்லை. இதை அனுப்பியதும் நிறைய பேர் "அழகா எழுதியிருக்கே" என்றுகூடச் சொன்னார்கள் (துக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கும் பாராட்டுகளில் இது ஒரு விசித்திரமான ரகம்). ஆனால் அந்தக் கடைசி வரி என்னை ஐந்து மாதம் படுத்தியது. அதை இன்னொருவன் தலையில் கட்ட மனம் வரவில்லை.

186 பேர்

அக்கா போனது திடீரென்று. அத்தான் ஃபோனைத் தொடும் நிலையிலேயே இல்லை, அம்மாவுக்கு ஃபோனில் எழுதத் தெரியாது, அதனால் எல்லாம் என்னிடம் வந்தது. முதல் நாளில் வந்ததெல்லாம் எப்போது, எங்கே என்று கேட்கும் செய்திகள். அதற்குப் பதில் போடுவது கஷ்டமே இல்லை, ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் போதும், கைக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரிகூட இருந்தது. இரண்டாம் நாளிலிருந்துதான் மற்றவை. ஒரு வரி, ரெண்டு வரி, கைகூப்பும் படம், அழும் முகம், நடுவில் ஒரு முழுப்பக்கக் கடிதம், மறுபடி ஒரு வரி. அம்மாவுக்கு அனுப்ப நினைத்தவர்களும் எனக்கே அனுப்பினார்கள். அத்தானுக்கும் எனக்கும் ஒரே செய்தியை அனுப்பியவர்களும் இருந்தார்கள். குழுக்களை விட்டுவிட்டு ஆள் ஆளாக எண்ணினால் 186 பேர்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பதில் எழுதத் தொடங்கினேன். முதல் ஆளுக்கு நாலு வரி. ரெண்டாவது ஆளுக்கு மூணு. ஆறாவது ஆளுக்கு "நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு, முதல் ஆளுக்கு நாலு வரி எழுதியதை நினைத்து வெட்கப்பட்டு, அழித்து, மறுபடி எழுதி, பதினோராவது ஆளோடு நிறுத்திவிட்டேன். எழுதுவதில் இருந்த களைப்பைவிட, ஒவ்வொருவருக்கும் எழுதும்போது அக்கா இறந்துவிட்டாள் என்பதை ஒரு தடவை புதிதாக ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததுதான் தாங்கவில்லை. பதினொரு தடவைக்கு மேல் என்னால் முடியவில்லை.

அப்போதுதான் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று எழுதலாம் என்று தோன்றியது. எழுதினேன். கடைசியில் எதையோ விட்டுவிட்ட மாதிரி உறுத்தியது. 186 பேருக்கு ஒரே வார்த்தையை அனுப்புகிறோமே, மெஷின் மாதிரி இருக்குமே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் 'தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன்' என்று சேர்த்தேன். யாரும் கேட்காத ஒரு வாக்கு. பொதுச் செய்தி எதற்கு? தனித்தனியாக எழுத முடியாததால். அதற்குள்ளேயே தனித்தனியாக எழுதுவேன் என்று சொல்லி, இறக்கி வைத்த மூட்டையை நானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், போகிற செய்தி ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தி மாதிரியே போய்ச் சேரும், ஒருவர் எழுதும் பதில் மற்றவர்களுக்குத் தெரியாது. குழு தொடங்குவதைவிட இது எவ்வளவோ மேல். நன்றி சொல்ல என்று ஒரு குழு தொடங்கினால் அது அரை மணி நேரத்தில் கைகூப்பும் படங்களின் ஊர்வலமாகிவிடும். ஆனால் பிராட்காஸ்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, நான் அதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். நம் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும். சேமிக்காதவர்களுக்குப் போகாது. போகவில்லை என்று நமக்கு எந்த எச்சரிக்கையும் வராது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்து, யார் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நாமே பார்த்தால்தான் உண்டு.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது 23 பேருக்குப் போயிருக்கவில்லை. யார் அந்த 23 பேர் என்றால், பெரும்பாலும் அக்காவின் ஆட்கள். அவளோடு வேலை பார்த்தவர்கள், கூடப் படித்தவர்கள். யாரிடமோ என் எண்ணை வாங்கி, எனக்கு முன்பின் அறிமுகம் இல்லாமலே எழுதியவர்கள். அவசரத்தில் அவர்கள் எண்களை நான் சேமித்தேன், அவர்கள் என் எண்ணைச் சேமிக்கவில்லை, எதற்குச் சேமிக்க வேண்டும்? என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும் என் பழைய வகுப்புத் தோழர்களுக்கும், அதாவது அக்காவை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களுக்கெல்லாம், நன்றி ஒழுங்காகப் போய்விட்டது. அவளோடு பழகியவர்களுக்குப் போகவில்லை. அந்த 23 பேருக்கும் ஒவ்வொன்றாக ஒட்டி அனுப்பினேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் அனுப்பியிருப்பேன்.

கடன்

அனுப்பிய பத்தாவது நிமிஷம் ஃபோன் மறுபடி அதிர ஆரம்பித்தது. "பரவாயில்லை தம்பி, மெதுவா எழுதுங்க." "தைரியமா இருங்க." "என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க." நன்றிக்கு வந்த பதில்கள். ஒரு மணி நேரத்தில் எழுபதுக்கும் மேல். இதற்கும் நன்றி சொல்ல வேண்டுமா, சொன்னால் அதற்கும் வருமா என்று யோசித்துக்கொண்டே ஃபோனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். நிஜமாகவே பூட்டினேன், சாவியைப் பெரியம்மா மகளிடம் கொடுத்துவிட்டு.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடந்திருந்தது. பொதுச் செய்தி போனதும் என் ஃபோனில் ஒவ்வொருவருடைய உரையாடலிலும் கடைசி வரியாக நான் அனுப்பிய நன்றிதான் தெரிந்தது. பட்டியலைப் பார்த்தால் எல்லோருக்கும் பதில் சொல்லி முடித்துவிட்ட மாதிரி ஒரு தோற்றம். யார் என்ன எழுதியிருந்தார்கள் என்பது அந்த நன்றிக்கு அடியில் போய்விட்டது. பாதிச் செய்திகளை நான் சரியாகப் படித்திருக்கவே இல்லை, கண் ஓட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் மாதங்கள். 'விரைவில்' என்று எழுதியிருந்தேனே, அந்த விரைவில் ஒரு வாரமாகி, மாதமாகி, இனிமேல் எழுதினால் அசிங்கம் என்கிற இடத்துக்கு வந்தது. வழியில் யாரையாவது பார்த்தால் முதலில் மனதில் ஓடுவது 'இவருக்கு எழுதினோமா' என்பதுதான். ஒருவரைப் பார்க்காத மாதிரி திரும்பி நடந்திருக்கிறேன். அவர் எழுதியது மொத்தமே ரெண்டு வார்த்தை, 'ஆழ்ந்த இரங்கல்'. அதற்கு நான் பட்ட கடன் எவ்வளவு இருக்க முடியும்?

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரி, இன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, என் நன்றிக்கு மேலே அவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். முப்பது, நாற்பது வரை ஒன்றுமில்லை. இரங்கல், ஆறுதல், மன தைரியம். சத்தியமாகச் சொல்கிறேன், இவற்றுக்கு அந்தப் பொது நன்றியே போதுமாக இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை, அவர்களும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் அக்காவின் பழைய தோழி ஒருத்தியின் செய்தி வந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனவர், அதனால் என் எண் அவரிடம் இருந்தது. அவர் எழுதியிருந்தது:

"தம்பி, செய்தி கேட்டதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உங்க அக்காவும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. சின்ன விஷயம், தப்பு என் பேரில்தான். இந்த வருஷம் எப்படியாவது கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும் என்று இருந்தேன். அவள் என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாளா?"

அதற்குக் கீழே என் செய்தி. 'உங்கள் அன்பும் ஆதரவும் எங்களுக்குப் பெரும் பலமாக இருந்தன.'

அவர் அதற்குப் பதில் எதுவும் எழுதவில்லை. ஐந்து மாதமாக அது அப்படியே இருந்தது.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது எனக்குச் சொன்ன ஆறுதலே இல்லை. துக்கம் அவருடையதும்தான், ஒருவேளை அன்றைக்கு என்னுடையதைவிடச் சிக்கலானது. ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் அவருக்கு மூணு பேர்தான் இருந்திருப்பார்கள், அத்தான், அம்மா, நான். மூவரில் என்னைத் தேர்ந்தெடுத்துக் கேட்டதற்கு அச்சடித்த நன்றியை நீட்டியிருக்கிறேன். 186 பேருக்கும் எழுதியாக வேண்டும் என்ற பாரத்தில் எழுதியே ஆக வேண்டிய ஒருவரைத் தவறவிட்டிருந்தேன்.

அத்தானிடம் கேட்டுப் பார்த்தேன், அவருக்குச் சண்டை நடந்த விஷயமே தெரியவில்லை. எனக்கும் தெரியாது. கடைசியில் உண்மையை எழுதினேன். "அக்கா, இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன், உங்கள் செய்தியை இன்றைக்குத்தான் சரியாகப் படித்தேன். நீங்கள் ரெண்டு பேரும் பேசாமல் இருந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பழைய கதை வந்தால் உங்கள் பெயர் வரும், எப்போதும் வருகிற மாதிரிதான் வரும். தப்பாக ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை." மன்னிப்பு பற்றி இன்னும் ரெண்டு வரி எழுதி, அழித்துவிட்டேன். தாமதமான பதிலில் தாமதத்துக்கு விளக்கம் நீண்டால், அவர்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அன்று சாயங்காலம் அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "பாப்பா இப்போ என்ன படிக்கிறாள்?" அக்கா மகளைப் பற்றி. அதிலிருந்து பேச்சு வேறு பக்கம் போனது, இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

மீதிப் பேருக்கு நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். அன்றைக்கு இன்னொரு காரியம் செய்தேன். என் ஃபோனில் 'இரங்கல்' என்று தேடினேன். நான் மற்றவர்களுக்கு அனுப்பியவை வந்தன, முந்தைய சில வருஷங்களில் 14 பேருக்கு. அவர்களில் எனக்குப் பதில் எழுதியவர்கள் 5 பேர். மற்ற 9 பேர் எதுவும் எழுதவில்லை. தேடிப் பார்க்கும்வரை அதில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று கேட்டிருந்தால் ஒருவர் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஒன்பது பேரில் யாராவது என்னைத் தெருவில் பார்த்துத் திரும்பி நடந்திருப்பார்களோ என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

நண்பனுக்கு அனுப்பியது

ஆகவே அவனுக்குப் பழையதை அனுப்பவில்லை. பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு திருப்பி எழுதினேன்.

முதலில் நடுவரியைத் தூக்கினேன். 'துயரமான நேரத்தில் அன்பும் ஆதரவும் பெரும் பலமாக' என்பது யார் யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. ஒரு செய்தி அனுப்பியவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்றுதான், தான் எழுதியது போய்ச் சேர்ந்ததா, கண்ணில் பட்டதா. அதைச் சொல்லாமல் நன்றி, மனமார்ந்த நன்றி, நெஞ்சார்ந்த நன்றி என்று எத்தனை அடுக்கினாலும் அது நிரம்பாது. 'மறைவு' என்பதையும் எடுத்துவிட்டேன். இறந்ததை அவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் இறந்தவரை எப்படிக் கூப்பிடுவோமோ அந்தச் சொல் வந்தால் போதும், செய்தி ஒரு மனிதர் எழுதிய மாதிரி ஆகிவிடும். கடைசி வாக்கைத் தூக்கியதைச் சொல்லவே வேண்டாம். அந்த இடத்தில் எதிர்மாறாக இருப்பதைச் சொன்னேன். இப்படி:

"நீங்கள் எழுதியது வந்தது, படித்தோம். அப்பாவை நினைத்து எழுதியதற்கு நன்றி. எல்லோருக்கும் தனியாக எழுத இப்போது எங்களால் முடியவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்."

'படித்தோம்' என்று எழுதினால் படித்திருக்க வேண்டும், அதுதான் இதில் இருக்கும் ஒரே வேலை. அதை அவனே செய்ய வேண்டும் என்பதில்லை. அவன் தங்கையிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். அவளும் துக்கத்தில்தான் இருக்கிறாள், ஆனால் அவளுக்கு அந்தப் பெயர்களோடு பழைய கணக்கு எதுவும் இல்லை, அதனால் படிப்பது சுலபம். ஒவ்வொன்றையும் படிக்கும்போது அவள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, இவர் ஏதாவது கேட்கிறாரா? எவ்வளவு நீளம், எவ்வளவு நெருக்கம், எவ்வளவு பெரிய ஆள் என்பதெல்லாம் வேண்டாம். கேட்டிருந்தால், அல்லது அப்பாவைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியிருந்தால், அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து நட்சத்திரம் போட்டுவிட வேண்டும். பொதுச் செய்தியை அனுப்புவதற்கு முன்னால் இது நடந்துவிட வேண்டும், ஏனென்றால் பிறகு எல்லாம் நன்றிக்கு அடியில் போய்விடும். நட்சத்திரம் போட்டவை தனியாக ஓரிடத்தில் சேர்ந்து இருக்கும், மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் அங்கேயே இருக்கும். அவர்களைப் பிராட்காஸ்ட் பட்டியலில் சேர்க்கவே கூடாது. ஒன்றும் அனுப்பாமல் காக்க வைப்பது அச்சடித்ததை அனுப்புவதைவிடக் குறைவான காயம் என்று நான் நினைக்கிறேன். மௌனத்தைத் துக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். அச்சடித்த நன்றியை அப்படி எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

அவள் 212 பேர் எழுதியதையும் ரெண்டு மணி நேரத்தில் படித்துவிட்டாள். நட்சத்திரம் வாங்கியவை 17. அதில் ஒன்று அப்பாவிடம் கடன் வாங்கியிருந்த ஒருவர், திருப்பித் தர யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டது. இன்னொன்று, அப்பா எடுத்த ஒரு பழைய புகைப்படத்தை வைத்திருப்பவர், வேண்டுமா என்று கேட்டது. பொது நன்றி போயிருந்தால் அந்தப் புகைப்படம் அங்கேயே இருந்திருக்கும்.

அவன் அப்பாவின் வயதுக்காரர்கள் சிலர் எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு அதே வழியில் பதில் போக வேண்டும், வாட்ஸ்அப்பில் போட்டால் சிலர் பார்க்கவே மாட்டார்கள். தமிழில் எஸ்.எம்.எஸ். எழுதினால் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான், ஆங்கிலம் மாதிரி 160 இல்லை. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும், 'நன்றி' என்பதே 5 ஆகிவிடும். அதைத் தாண்டினால் ரெண்டு செய்தியாக உடைத்துத்தான் அனுப்பும், சில பழைய ஃபோன்களில் துண்டு துண்டாகவே போய்ச் சேரும். அதனால் அவர்களுக்கு "உங்கள் செய்தி வந்தது. அப்பாவை நினைத்ததற்கு நன்றி." என்று மட்டும். 70-க்குள் வசதியாக அடங்கிவிடுகிறது. சொல்லப்போனால் எனக்கு நாலு வரிச் செய்தியைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

நான் எழுதிக் கொடுத்ததில் அவன் ஒரே ஒரு இடத்தில் தயங்கினான். "பதில் எழுத வேண்டாம்னு சொன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதாடா?" இருக்கலாம். ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுபது தடவை அதிர்ந்த ஃபோன் எனக்குத்தானே தெரியும். வேண்டுமானால் 'பதில் தேவையில்லை' என்று மாற்றிக்கொள் என்றேன். மாற்றிக்கொண்டான். அது என்னுடையதைவிட நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு (ராத்திரியில் அனுப்பாதே என்று சொல்லியிருந்தேன், தூங்குகிறவர்கள் இன்னொரு சாவு என்று பதறி எழுவார்கள்) எனக்கும் அது வந்தது. பட்டியலிலிருந்து என்னை எடுக்க மறந்திருக்கிறான். நானே எழுதிய வரிகள், அவன் பெயரில். படித்து முடித்ததும் 'சரிடா, பார்த்துக்கோ' என்று தட்டிவிட்டேன், அனுப்பவும் விரல் போய்விட்டது. அப்புறம் கடைசி வரியை மறுபடி பார்த்துவிட்டு அழித்தேன்.